பாட்டிக்குத் தண்ணி போதலை, ஆனா வேகமா ஏத்தக்கூடாது: ஒரு மருத்துவ விதி வந்த கதை

இன்னைக்கு ஒரு சின்ன எண்ணோட வரலாறைப் பார்க்கப்போறோம். அந்த எண் 10. ரத்தத்துல சோடியம் ரொம்ப ஏறிப்போன ஒருத்தருக்கு, அதை 24 மணி நேரத்துல சுமார் 10 புள்ளிக்கு மேல இறக்கவேண்டாம்னு மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது.

இது யாருக்கு அதிகமா தேவைப்படுதுன்னா, படுத்த படுக்கையா இருக்கிற வயசானவங்களுக்கு. பக்கவாதம் வந்து படுத்தவங்க, மறதி நோய் முத்திப்போனவங்க, இடுப்பு எலும்பு உடைஞ்சு எழுந்திருக்க முடியாதவங்க. ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், அப்புறம் கண்ணே திறக்காம தூங்கிட்டே இருப்பாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, "உடம்புல தண்ணி ரொம்பக் குறைஞ்சிருக்கு, சோடியம் ஏறியிருக்கு, சரியாக மூணு நாள் ஆகும்"னு டாக்டர் சொல்வார். வீட்டுக்காரங்களுக்குக் கோபம் வரும். தண்ணி இல்லாததுதானே பிரச்சினை, நாலு பாட்டில் ட்ரிப்ஸை இன்னைக்கே ஏத்தினா என்ன?

நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் கிடைக்கப் பல வருஷம் ஆச்சு. அந்தப் பதில் முதல்ல கிடைச்சதும் வயசானவங்ககிட்ட இருந்து இல்லை, கைக்குழந்தைங்ககிட்ட இருந்து.

வத்திப்போன ரசம்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். "சோடியம் ஏறியிருக்கு"ன்னா உடம்புல உப்பு கூடிடுச்சுன்னுதான் நாம நினைக்கிறோம். "பாட்டிக்கு உப்பே போடாம கஞ்சி கொடுக்கிறோமே, எப்படி ஏறும்?"னு கேட்பாங்க.

அடுப்புல ரசத்தை மறந்து விட்டுட்டீங்கன்னு வைங்க. அரை மணி நேரம் கழிச்சு ருசி பார்த்தா உப்புக் கரிக்கும். யாரும் புதுசா உப்புப் போடலை, தண்ணிதான் வத்திடுச்சு. ரத்தப் பரிசோதனையில வர்ற சோடியம் எண்ணும் அப்படித்தான். ஒரு லிட்டர் ரத்த நீர்ல எவ்வளவு சோடியம் இருக்குன்னு அது சொல்லுது. சாதாரணமா 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கும். 145-ஐத் தாண்டினா அதுக்கு ஹைப்பர்நேட்ரீமியான்னு பேர். படுக்கையில இருக்கிற வயசானவங்ககிட்ட இது பெரும்பாலும் தண்ணி வத்தினதோட அடையாளம். 160-ஐத் தாண்டினா மயக்கமும் குழப்பமும் வர்றது சகஜம்.

இப்படி ஆகாம இருக்க நம்ம உடம்புல ரெண்டு காவல் இருக்கு. ரத்தம் ஒண்ணு ரெண்டு சதவீதம் கெட்டியானாலே மூளை கண்டுபிடிச்சிடும். உடனே சிறுநீரகத்துக்குத் தண்ணியை மிச்சம் பிடிக்கச் சொல்லி ஒரு ஹார்மோனை அனுப்பும். நமக்குத் தாகத்தையும் உண்டாக்கும். இதுல தாகம்தான் பெரிய காவல். சிறுநீரகம் இருக்கிறதை மிச்சம் பிடிக்கலாம், போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. தாகத்தை உணர்ந்து, வாயால கேட்டு, கையால எடுத்துக் குடிக்க முடிஞ்ச ஒருத்தருக்கு சோடியம் 160-க்குப் போறது ரொம்ப அபூர்வம்.

படுக்கையில இருக்கிறவங்களுக்குக் கை எட்டாது. பேச்சு குழறினா கேட்கவும் முடியாது. சரி, தாகமாவது எடுக்குமா?

ஆக்ஸ்ஃபோர்டில் 24 மணி நேரம்

இந்தக் கேள்விக்கு ஒரு எளிமையான சோதனை பதில் சொல்லிச்சு. 1984-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ்ல அது வெளியாச்சு. ஆக்ஸ்ஃபோர்டுல ஃபிலிப்ஸ், ரோல்ஸ், லெடிங்ஹாம் முதலானவங்க நடத்தின ஆய்வு. 67 முதல் 75 வயசு வரை இருக்கிற, நோய் எதுவும் இல்லாத 7 ஆண்கள் ஒரு பக்கம். இருபதுகளிலும் முப்பதைத் தொட்டும் இருக்கிற 7 இளைஞர்கள் இன்னொரு பக்கம். எல்லாரையும் 24 மணி நேரம் தண்ணி குடிக்காம இருக்கச் சொன்னாங்க. அப்புறம் ரத்தத்தைப் பரிசோதிச்சு, எவ்வளவு தாகம்னு கேட்டு, வேண்டிய அளவு குடிக்கலாம்னு விட்டாங்க.

பெரியவங்களோட ரத்தம்தான் அதிகமா கெட்டியாகியிருந்தது. ஆனா தாகம் அவங்களுக்குத்தான் குறைவு. வாய் வறண்டதுகூட இளைஞர்கள் அளவுக்கு அவங்களுக்குத் தெரியலை. தண்ணியை முன்னால வெச்சதும் இளைஞர்கள் தங்களுக்கு வேண்டியதைக் குடிச்சு ரத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாங்க. பெரியவங்க கொஞ்சம் குடிச்சிட்டு நிறுத்திட்டாங்க.

கவனிங்க, இவங்க நடமாடிட்டு இருந்த ஆரோக்கியமான மனுஷங்க. வயசு மட்டுமே தாகத்தை இவ்வளவு மங்க வைக்குதுன்னா, பக்கவாதமோ மறதி நோயோ சேர்ந்தா நிலைமை இன்னும் மோசம். நம்ம வீட்டுல "தண்ணி வேணுமா பாட்டி?"ன்னு கேட்போம், "வேண்டாம்ப்பா"ன்னு சொல்வாங்க, நாம விட்டுடுவோம். அந்த "வேண்டாம்" பொய் இல்லை. அவங்களுக்கு நிஜமாவே தாகம் எடுக்கலை. அதனாலதான் படுக்கையில இருக்கிறவங்களுக்குத் தண்ணியைக் கேட்டுக் கொடுக்காம, மாத்திரை மாதிரி நேரம் வெச்சுக் கொடுக்கணும்.

வயசான சிறுநீரகத்தால இளமையில மாதிரி தண்ணியை மிச்சம் பிடிக்கவும் முடியாது. காய்ச்சல், பேதி, நீர் பிரிய வைக்கிற மாத்திரை, கட்டுப்பாடு இல்லாத சர்க்கரை, இதுல ஏதாவது ஒண்ணு சேர்ந்தா நாலஞ்சு நாள்ல ரசம் வத்திடும்.

குழந்தைகள் வார்டில் வந்த வலிப்பு

இப்போ கொஞ்சம் பின்னால போவோம். 1950-கள், அமெரிக்காவுல பால்டிமோர் நகரம். அங்கே லாரன்ஸ் ஃபின்பெர்க்னு ஒரு இளம் குழந்தை மருத்துவர். வயித்துப்போக்கால நீர் வத்தி வர்ற கைக்குழந்தைங்களை அவர் பார்த்துட்டு இருந்தார். அதுல சில குழந்தைங்களுக்கு சோடியம் ரொம்ப ஏறியிருந்தது. 1955-ல ஹாரிசன்ங்கிற மூத்த மருத்துவரோட சேர்ந்து இதைப் பத்தி விரிவா எழுதினார்.

இந்தக் குழந்தைங்க விஷயத்துல டாக்டர்களைக் குழப்பின ஒரு சங்கதி இருந்தது. வரும்போது சோர்வா, எரிச்சலா இருக்கும். ட்ரிப்ஸ் ஏறும். சோடியம் இறங்க ஆரம்பிக்கும். காகிதத்துல எல்லாம் நல்லாப் போயிட்டு இருக்கும்போது திடீர்னு வலிப்பு வரும். சோடியம் உச்சத்துல இருந்தப்போ வராத வலிப்பு, அது சரியாகிட்டு வர்ற நேரத்துல ஏன் வரணும்?

ஃபின்பெர்க்கும் லட்ரெல்ங்கிற நரம்பியல் மருத்துவரும் 1959-ல விலங்குகள்ல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. சோடியம் சட்டுனு ரொம்ப ஏறினா மூளை சுருங்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டுக் கிழியும், ரத்தம் கசியும். ஏறும்போது வர்ற ஆபத்து இது.

மனுஷங்ககிட்ட இதைக் கொடூரமா காட்டின சம்பவம் 1962-ல நடந்தது. நியூயார்க் மாநிலத்துல பிங்ஹாம்டன்னு ஒரு ஊர். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில பிறந்த குழந்தைங்களுக்குக் கலக்கிற பாலுக்கு சர்க்கரைன்னு நினைச்சு உப்பைப் போட்டுட்டாங்க. 14 குழந்தைங்க அந்தப் பாலைக் குடிச்சாங்க, 6 பேர் இறந்துட்டாங்க. அடுத்த வருஷம் ஃபின்பெர்க்கும் உடனிருந்தவங்களும் இதை மருத்துவ இதழ்ல பதிவு பண்ணாங்க. வயித்துக்குள்ள திரவத்தை விட்டு எடுக்கிற டயாலிசிஸ் மூலமா உப்பை வேகமா வெளியேத்தி சில குழந்தைங்களைக் காப்பாத்த முடிஞ்சது.

இங்கே ஒரு முரண்பாடு தெரியும். பிங்ஹாம்டன்ல வேகமா இறக்கினது உயிரைக் காப்பாத்திச்சு. பால்டிமோர்ல வேகமா இறங்கினப்போ வலிப்பு வந்தது. வித்தியாசம் எங்கே? பிங்ஹாம்டன் குழந்தைங்களுக்கு உப்பு திடீர்னு ஏறிச்சு. பேதியான குழந்தைங்களுக்கு அது நாள்கணக்குல மெதுவா ஏறினது. அந்த நாள்கள்ல மூளை ஒரு வேலை பண்ணியிருந்தது.

மூளை போட்ட தற்காலிக ஏற்பாடு

ரத்தம் கெட்டியானா செல்களுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியே இழுக்கப்படும். ஊறுகாய் ஜாடியில போட்ட மாங்காய்த் துண்டு சுருங்குமே, அதே கதை. மத்த உறுப்புகள் கொஞ்சம் சுருங்கினா சமாளிச்சிடும், மூளையால முடியாது. அதனால மூளைச் செல்கள் தங்களுக்குள்ளேயே கரையிற பொருள்களைச் சேர்க்கத் தொடங்கும். முதல் சில மணி நேரத்துல பொட்டாசியம் மாதிரி உப்புகளை உள்ளே இழுக்கும். அடுத்த ரெண்டு மூணு நாள்ல இனோசிடால், டாரின், குளுட்டமின் மாதிரி சின்னச் சின்ன மூலக்கூறுகளைச் சேர்த்து வெச்சுக்கும். உள்ளேயும் கெட்டியாகிடுச்சுன்னா வெளியே போற தண்ணி நின்னுடும், போனதும் திரும்பி வரும். மூளை கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்துடும்.

ரொம்பக் காலம் இந்தப் பொருள்கள் என்னன்னு யாருக்கும் தெரியலை. உள்ளே ஏதோ கூடியிருக்குன்னு மட்டும் அளந்து தெரிஞ்சது, அதனால பொதுவா ஒரு பேரை வெச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணா அடையாளம் கண்டது பின்னாலதான்.

பிரச்சினை என்னன்னா, இந்தச் சரக்கைச் சேர்க்க ரெண்டு மூணு நாள் ஆகுற மாதிரி, வெளியேத்தவும் நாள் ஆகும். அதுக்குள்ள நாம அவசரப்பட்டு ரத்தத்தை நீர்த்துப்போக வெச்சா, வெளியே தண்ணி அதிகம், உள்ளே சரக்கு அதிகம். தண்ணி மூளைக்குள்ள பாயும். மூளை வீங்கும். மண்டையோடு விரியாது. அப்போதான் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஆழ்ந்த மயக்கம் எல்லாம் வரும். வார்டுல பார்த்த வலிப்புக்கு இதுதான் விளக்கம்.

இங்கிருந்துதான் நேரக் கணக்கு பிறக்குது. சோடியம் ஏறி 48 மணி நேரம் ஆகலைன்னு நிச்சயமா தெரிஞ்சா, மூளை இன்னும் சரக்குச் சேர்க்கலை, வேகமா இறக்கலாம். 48 மணி நேரத்தைத் தாண்டியிருந்தாலோ எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியலைன்னாலோ மெதுவாத்தான் போகணும். படுக்கையில இருக்கிற பாட்டி எப்போ தண்ணி குடிக்கிறதைக் குறைச்சாங்கன்னு யாரும் எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. அதனால அவங்க எப்பவும் மெதுவாப் போகவேண்டிய கூட்டத்துல வருவாங்க.

எவ்வளவு மெதுவா? 1979-ல கான், பிராஷே, ப்ளூம்ங்கிற மருத்துவர்கள் நீர் வத்தின குழந்தைங்களைக் கவனிச்சு எழுதினாங்க. சோடியம் மணிக்கு அரைப் புள்ளி வேகத்தைத் தாண்டாம இறங்கினப்போ வலிப்பு வரலை. மணிக்கு அரைப் புள்ளின்னா ஒரு நாளைக்கு 12. பாதுகாப்புக்குக் கொஞ்சம் குறைச்சு 10-ன்னு வெச்சுக்கிட்டாங்க. 2000-ல அட்ரோகேயும் மதியாஸும் நியூ இங்கிலாந்து ஜர்னல்ல எழுதின புகழ்பெற்ற கட்டுரை இதைப் பெரியவங்களுக்கும் சொல்லிச்சு. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் அதை மனப்பாடம் பண்ணாங்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போ ஒரு உதாரணம். நானே கணக்குக்காக உண்டாக்கினது, ஆனா வார்டுல இதே மாதிரி ஆட்களை நிறையப் பார்க்கலாம். 82 வயசுப் பாட்டி, எடை 50 கிலோ. ரெண்டு வருஷமா படுக்கை. மூக்குக் குழாய் வழியா கஞ்சியும் பாலும் புரோட்டீன் பவுடரும் போகுது. நாலு நாளா காய்ச்சல். நேத்துல இருந்து கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கலை. டயபர் ஒரு நாளைக்கு ஒண்ணுதான் நனையுது, சிறுநீர் அடர் மஞ்சள். நாக்கு காஞ்சு வெடிச்சிருக்கு. சோடியம் 168.

வயசான பெண்களோட உடம்புல எடையில சுமார் 45 சதவீதம் தண்ணி. அப்போ 50 கிலோவுக்கு 22.5 லிட்டர். சோடியம் 140-ல இருக்கவேண்டியது 168-ல இருக்கு, அதாவது ஐந்துல ஒரு பங்கு அதிகம். 22.5-ல ஐந்துல ஒரு பங்கு 4.5 லிட்டர். இதுதான் பற்றாக்குறை. இது தோராயம்தான்.

168-ல இருந்து 140-க்கு 28 புள்ளி இறங்கணும். நாளைக்கு 10-ன்னா கிட்டத்தட்ட மூணு நாள். 4.5 லிட்டரை மூணு நாளைக்குப் பிரிச்சா, நாளைக்கு ஒன்றரை லிட்டர். ஆனா அந்த மூணு நாளும் பாட்டி சும்மா இருக்கப்போறதில்லை. சிறுநீர், வேர்வை, மூச்சு, காய்ச்சல்னு தண்ணி போயிட்டேதான் இருக்கும். அதுக்கு நாளைக்கு ஒரு லிட்டர்னு வைங்க. ஆக மொத்தம் இரண்டரை லிட்டர், மணிக்கு சுமார் 100 மில்லி. பல சமயம் தவறு நடக்கிறது இந்த ரெண்டாவது பகுதியிலதான். பழைய பற்றாக்குறையை மட்டும் கணக்குப் போட்டுட்டு, தினமும் போறதை மறந்துடுவாங்க. அப்போ மூணாம் நாளும் சோடியம் 165-லேயே நிக்கும்.

எந்த வழியா கொடுக்கிறது? குடலால முடியும்னா அதுதான் நல்ல வழி. மூக்குக் குழாய்ல 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 250 மில்லி சாதாரணத் தண்ணி, ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒன்றரை லிட்டர் ஆச்சு. மீதியை உணவுலயும் ட்ரிப்ஸ்லயும் பார்த்துக்கலாம். ரத்தக் குழாய்ல வெறும் தண்ணியை ஏத்த முடியாது, சிவப்பணுக்கள் வெடிச்சிடும். அதனால 5 சதவீத குளுக்கோஸ் கலந்த பாட்டில் போடுவாங்க. உடம்பு அந்த குளுக்கோஸைச் செலவழிச்சதும் மிச்சம் இருக்கிறது தண்ணிதான். அதையும் வேகமா ஏத்தினா ரத்தச் சர்க்கரை ஏறும், சர்க்கரை சிறுநீர்ல போகும்போது தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். சேர்க்கப் போன தண்ணி கையை விட்டுப் போயிடும். சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஒரு விதிவிலக்கு. ரத்த அழுத்தம் ரொம்பக் குறைஞ்சு, கை கால் சில்லிட்டு இருந்தா முதல் வேலை சோடியத்தை இறக்குறது இல்லை, ரத்த ஓட்டத்தைக் காப்பாத்துறது. அப்போ நார்மல் சலைன் வேகமாப் போகும். அதுல சோடியம் 154. பாட்டியோட 168-ஐ விடக் குறைவுங்கிறதால மூளைக்குப் பெரிய அதிர்ச்சி வராது. அழுத்தம் நிலைச்சதும் மேல சொன்ன மெதுவான கணக்குக்கு மாறுவாங்க.

கணக்கு தோராயம்ங்கிறதால அளந்து பார்த்துத்தான் ஓட்டணும். முதல் நாள்ல 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை சோடியம் பார்ப்பாங்க. ஆறு மணி நேரத்துல 168 என்பது 165 ஆனா சரியான வேகம். 160 ஆனா வேகம் அதிகம், ட்ரிப்ஸைக் குறைக்கணும். 168-லேயே நின்னா எங்கேயோ தண்ணி போயிட்டு இருக்கு, தேடணும். எண்ணை விட ஆளைப் பார்க்கிறதும் முக்கியம். சோடியம் இறங்க இறங்க பாட்டி தெளியணும். சோடியம் இறங்கிட்டு இருக்கும்போது மயக்கம் அதிகமானாலோ வாந்தி, வலிப்பு வந்தாலோ மூளை வீங்குதோன்னு உடனே சந்தேகப்படணும். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பேரனோ பேத்தியோதான் இதை முதல்ல கவனிப்பாங்க. நர்ஸ்கிட்ட சொல்லவேண்டிய விஷயம் இது.

விதியைத் திரும்பக் கேள்வி கேட்ட காலம்

இதுவரைக்கும் கதை நேரா வந்தது. இனிமே கொஞ்சம் வளையும்.

1987-ல ஸ்னைடர், ஃபீகல், ஏரீஃப் மூணு பேரும், ஆஸ்பத்திரியில சோடியம் ஏறின வயசான 162 பேரைப் பத்தி எழுதினாங்க. அதுல 42 சதவீதம் பேர் இறந்துட்டாங்க. எல்லாரையும் சோடியமே கொன்னுச்சுன்னு சொல்ல முடியாது, பலருக்குப் பெரிய நோய் இருந்தது. ஆனா இன்னொரு தகவல் குத்தும். பாதிக்கு மேற்பட்டவங்களுக்கு சோடியம் ஏறினது ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு. 1996-ல பலெவ்ஸ்கி குழு 103 நோயாளிகளைப் பார்த்து எழுதினதும் இதே மாதிரிதான். ஆஸ்பத்திரியில சோடியம் ஏறினவங்கள்ல பெரும்பாலானவங்க தாங்களா தண்ணி எடுத்துக் குடிக்க முடியாத நிலையில இருந்தாங்க. சோடியம் ஏறினது தெரிஞ்ச முதல் 24 மணி நேரத்துல கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தண்ணி கொடுக்கச் சொல்லி யாரும் எழுதவே இல்லை.

அதாவது பெரியவங்க வார்டுல அதிகமா நடந்த தவறு அவசரம் இல்லை, தாமதம்.

2019-ல இன்னும் நேரடியான ஒரு கேள்வி வந்தது. சௌஹான் முதலானவங்க அமெரிக்காவுல தீவிர சிகிச்சைப் பிரிவு ஒண்ணோட பதிவுகளை எடுத்து, சோடியம் ஏறின சுமார் 450 பெரியவங்களைப் பார்த்தாங்க. மணிக்கு அரைப் புள்ளியைத் தாண்டி வேகமா இறங்கினவங்க ஒரு பக்கம், மெதுவா இறங்கினவங்க இன்னொரு பக்கம். வேகமா இறங்கினவங்கள்ல மரணமோ வலிப்போ அதிகமா இல்லை. வேகத்தால மூளை வீங்கினதா ஒரு ஆளைக்கூட அவங்களால காட்ட முடியலை.

அப்போ விதி பொய்யா? அப்படிச் சொல்லிட முடியாது. இது பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு, இவருக்கு வேகம் அவருக்கு மெதுன்னு முன்கூட்டியே பிரிச்சு நடத்தின சோதனை இல்லை. அதோட, குழந்தையோட மூளை மண்டையோட்டை நெருக்கமா நிறைச்சிருக்கும், வீங்க இடம் கிடையாது. வயசானா மூளை கொஞ்சம் சுருங்கிடும், சுத்தி இடம் இருக்கும். குழந்தைங்ககிட்ட அடிக்கடி வந்த வலிப்பு பெரியவங்ககிட்ட அபூர்வமா இருக்கிறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். ஆனா மூளைச் செல்கள் சரக்குச் சேர்க்கிற விஷயம் ரெண்டு வயசுக்கும் பொதுதான்.

அதனால இன்னைக்குக் கவனமான டாக்டர்கள் இந்த விதியை இப்படிப் பார்க்கிறாங்க. நாள்கணக்குல ஏறின சோடியத்துக்கு நாளைக்கு 10-ங்கிற இலக்கு இன்னும் நியாயமானது. 13 இறங்கிட்டா பதறி சோடியத்தைத் திரும்ப ஏத்தவேண்டியதில்லை, வேகத்தைக் குறைச்சாப் போதும். ஆனா 10-க்குப் பயந்து நாளைக்கு 2 புள்ளி இறக்குறது பாதுகாப்பு இல்லை, பாட்டி இன்னும் ஒரு வாரம் மயக்கத்துல கிடப்பாங்க. "மெதுவா"ங்கிற வார்த்தைக்கு மேல ஒரு எல்லை இருக்கிற மாதிரி கீழயும் ஒரு எல்லை இருக்கு.

வீட்டுல தெரிஞ்சுக்க முடியுமா?

கடைசியா இது. கையில தோலைக் கிள்ளிப் பார்க்கிற பழைய முறை வயசானவங்ககிட்ட உதவாது. தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், தண்ணி சரியா இருந்தாலும் கிள்ளின இடம் அப்படியே நிக்கும். டயபர் நனையிற எண்ணிக்கை, சிறுநீரோட நிறம், நாக்கோட ஈரம், நேத்தை விட இன்னைக்கு அதிகமாத் தூங்குறாங்களா, இந்த நாலையும் சேர்த்துப் பாருங்க. காய்ச்சலும் புதுசா வந்த மயக்கமும் ஒண்ணா இருந்தா வீட்டுல சமாளிக்கப் பார்க்காதீங்க, அன்னைக்கே ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. அரை மயக்கத்துல இருக்கிறவங்க வாயில தண்ணியை ஊத்தவே ஊத்தாதீங்க, அது நுரையீரலுக்குப் போயிடும்.

ஆஸ்பத்திரியில சேர்த்துட்டா டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்கலாம். "இன்னைக்கு எவ்வளவு இறக்கணும்னு வெச்சிருக்கீங்க?" "அடுத்த சோடியம் எத்தனை மணிக்குப் பார்ப்பீங்க?" இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா, மூணு நாள் ஏன் ஆகுதுன்னு உங்களுக்கும் புரியும், நீங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கும் சொல்லலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். வீட்டுல படுக்கையில யாராவது இருந்தா, கேட்டுட்டு நிக்காம போய் ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க. தலையைக் கொஞ்சம் உயர்த்தி வெச்சு, மெதுவா.